சென்ட், கிரவுண்டு, சதுர அடி: பேஸ்மட்டக் கணக்கில் எது எங்கே வரும்?

கேள்வி: திண்டிவனம் பக்கம் 3½ சென்ட் மனை வாங்கியிருக்கிறேன். சென்னையில் இருக்கும் மாமா எல்லாவற்றையும் கிரவுண்டில்தான் பேசுகிறார். மேஸ்திரியோ, "சதுர அடியைச் சொல்லுங்க, பேஸ்மட்டத்துக்கு மண், செங்கல், ஜல்லி எவ்வளவுன்னு சொல்றேன்" என்கிறார். இதை எப்படி மாற்றிக் கணக்குப் போடுவது?

பதில்:

மாற்றுவது சுலபம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. சென்னை வட்டாரத்தில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. உங்கள் மனை 3.5 × 435.6 = 1,524.6 சதுர அடி. மாமாவிடம் அரை கிரவுண்டுக்கு மேலே 325 சதுர அடி என்று சொல்லிவிடுங்கள். ஒரு கிரவுண்டு ஐந்தரை சென்ட் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். அதில் நான்கு சதுர அடிதான் குறையும், பரவாயில்லை.

பட்டாவில் சென்ட் இருக்காது, ஹெக்டேர் - ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. உங்கள் பட்டாவில் 0 - 1.42 என்பது போல இருந்தால் 142 × 10.764 = 1,528 சதுர அடி. பத்திரத்தோடு நான்கு சதுர அடி வித்தியாசம் வருவது தசமத்தைச் சுருக்கியதால், கவலைப்பட ஒன்றுமில்லை. நாற்பது, ஐம்பது சதுர அடி இடித்தால் மட்டும் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

அதற்கு முன்னால் நீங்களே டேப் பிடித்துப் பார்க்கலாம். வடக்கே 30 அடி, தெற்கே 31 அடி, கிழக்கும் மேற்கும் 50 அடி என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிர் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினால் 30.5 × 50 = 1,525. சென்ட் கணக்கோடு பொருந்துகிறது. ஆனால் இந்தச் சராசரி முறை, மூலைகள் ஏறக்குறைய நேர்கோணமாக இருந்தால்தான் சரி. மனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கணக்கு கூடுதலாகக் காட்டும். 30-க்கு 50 மனை பத்து அடி சாய்ந்திருந்தால் உண்மையில் இருப்பது 1,470 சதுர அடிதான், 1,500 அல்ல. கண்டுபிடிக்க மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மனை நேர். ஒன்று 63 அடி, இன்னொன்று 53 அடி என்று வந்தால் சாய்வு. அப்போது மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துத்தான் பரப்பு கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம்: 24 அடி 6 அங்குலம் என்பது 24.5 அடி. கால்குலேட்டரில் 24.6 என்று தட்டுகிறவர்கள் நிறைய பேர்.

சரி, இப்போது மேஸ்திரி கேட்ட சதுர அடிக்கு வருவோம். அவருக்கு 1,525 என்று சொன்னீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே கணக்கு கெட்டுவிடும். அது மனையின் பரப்பு. பேஸ்மட்டத்துக்கு வேண்டியது கட்டடம் உட்காரும் பரப்பு. சுற்றிலும் விட வேண்டிய இடத்தை அனுமதி வாங்கிய வரைபடமே சொல்லும். உதாரணத்துக்கு, உங்கள் வரைபடத்தில் கட்டடத்தின் வெளியளவு 24-க்கு 34 அடி என்று வைத்துக்கொள்வோம்: 816 சதுர அடி. மேஸ்திரிகள் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். "எட்டு சதுரம் வீடு" என்றால் இதுதான். மனை 1,525, வீடு 816. ஏறக்குறைய பாதி.

அதிலும் எல்லாப் பொருளும் இந்த 816-ஐப் பார்த்து வராது. செங்கல் சுவரின் நீளத்தைப் பார்த்து வரும். மண்ணும் அதன் மேல் போடும் தரைக் கான்கிரீட்டும் சுவர்களுக்கு உள்ளே இருக்கும் பரப்பைப் பார்த்து வரும். அதனால் முதலில் சுவர் நீளத்தை எடுங்கள். 9 அங்குலச் சுவர் என்றால் வெளிச்சுவரை நடுக்கோட்டில் அளக்க வேண்டும்: 24-லிருந்தும் 34-லிருந்தும் முக்கால் அடியைக் கழித்தால் 23.25, 33.25. இரண்டையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 113 அடி. உள்ளே அகலவாக்கில் இரண்டு குறுக்குச் சுவர், தலா 22.5 அடி, ஆக 45. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு 12 அடிச் சுவர். மொத்தம் 170 அடி. இந்தச் சுவர்கள் அடைக்கும் இடம் 170 × 0.75 = 127.5 சதுர அடி. 816-இல் அதைக் கழித்தால் 688.5. மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் இதுதான் உங்கள் சதுர அடி.

பேஸ்மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று கொள்வோம். மேலே 4 அங்குலம் கான்கிரீட் போக, மண் நிரப்ப 2 அடி 2 அங்குலம் இருக்கும். 688.5 × 2.167 = 1,492 கன அடி. மண், மணல், ஜல்லிக்கு 100 கன அடி ஒரு யூனிட், அப்படியானால் 15 யூனிட். ஆனால் இது திமிசு போட்டு இறுகிய மண்ணின் அளவு. லாரியில் வருவது உதிரி மண். கிராவல் இறுகும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு உள்ளே போகும் என்று வைத்து, நான் 1.2-ஆல் பெருக்குவேன். 18 யூனிட். 816-ஐ வைத்துப் போட்டிருந்தால் 21 யூனிட் வந்திருக்கும், 1,525-ஐ வைத்திருந்தால் 40.

குழி தோண்டிய மண்ணையே திரும்ப உள்ளே போட்டுக் கணக்கைக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். செம்மண், கிராவல் என்றால் தாராளமாக. களிமண் என்றால் வேண்டாம். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். எந்த மண்ணானாலும் ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டி மூடாமல், அரை அடிக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். இதைச் செய்யாத வீடுகளில் ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் தரைக்கும் சுவரோரப் பட்டை டைல்ஸுக்கும் நடுவே நூல் போல இடைவெளி தெரியும். நாணயத்தால் தட்டினால் உள்ளே வெற்று ஓசை கேட்கும்.

அடுத்து கான்கிரீட். 688.5 × 4 அங்குலம் = 229.5 கன அடி. இது போட்டு முடித்த அளவு. கலக்கும் முன் உலர்ந்த பொருளாக ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வேண்டும், 1.54 என்று எடுப்பது வழக்கம். 353 கன அடி. 1:4:8 கலவை என்றால் மொத்தம் 13 பங்கு, ஒரு பங்கு 27 கன அடி. ஒரு மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய 1¼ கன அடி, எனவே 22 மூட்டை. எம்.சாண்ட் நான்கு பங்கு, 109 கன அடி, 40 எம்.எம். ஜல்லி எட்டு பங்கு, 218 கன அடி. அதாவது ஒரு யூனிட்டுக்கு மேல் மணல், இரண்டு யூனிட்டுக்கு மேல் ஜல்லி.

செங்கல்லுக்கு 170 அடிதான் ஆதாரம். இரண்டரை அடியில் மேலே அரை அடி கான்கிரீட் பெல்ட் போனால், கட்டுவேலை இரண்டு அடி. 170 × 0.75 × 2 = 255 கன அடி. நம் ஊர் செங்கல் ஒரு கன அடிக்கு 13, 14 பிடிக்கும். 14 என்று போட்டால் 3,570. உடைசலையும் சேர்த்து 3,700 சொல்லுங்கள். சதுர அடியை வைத்து ஒரு மேஸ்திரி செங்கல் எண்ணிக்கை சொன்னால் அது அவருடைய பழைய வேலைகளின் அனுபவக் கணக்கு. பல நேரம் பக்கத்தில் வந்து விழும். ஆனால் அதே 816 சதுர அடியில் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்தால் சுவர் 200 அடியைத் தாண்டும், செங்கல்லும் கூடவே ஏறும். அதைச் சதுர அடி காட்டாது.

இதுவரை சொன்னது மனை ரோட்டு மட்டத்தில் இருக்கும்போது. பள்ளமாக இருந்தால்தான் உங்கள் 3½ சென்ட் மறுபடியும் கணக்குக்குள் வரும். டியூப் லெவல் வைத்து நான்கு மூலையிலும் ரோட்டை விட எவ்வளவு தாழ்வு என்று பாருங்கள். 1, 1½, 2, 1½ அடி என்று வந்தால் சராசரி ஒன்றரை அடி. பேஸ்மட்டத்தின் இரண்டரை அடியை ரோட்டிலிருந்துதான் எண்ண வேண்டும், எனவே சுவரும் உள்மண்ணும் ஒன்றரை அடி கூடும். சுவருக்கு மட்டும் இன்னொரு 2,700 செங்கல். உள்ளே 688.5 × 1.5 = 1,033 கன அடி மண். வீட்டுக்கு வெளியே மிச்சமிருக்கும் 1,525 - 816 = 709 சதுர அடியையும் ரோட்டு மட்டத்துக்கு ஏற்றினால் அதற்கு 1,063 கன அடி. முதல் கணக்கோடு கூட்டி 1.2-ஆல் பெருக்கினால் 18 யூனிட்டாக இருந்த மண் 43 யூனிட் ஆகிறது. வெளியே கொட்டும் மண் பக்கத்து மனைக்குச் சரியாமல் இருக்க மதில் அடிச்சுவரையும் முன்னாலேயே கட்ட வேண்டியிருக்கும். பேஸ்மட்டச் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டிப் போன வேலைகளில் பெரும்பாலும் நான் பார்த்த காரணம் இந்தப் பள்ளம்தான். சென்ட்டை மாற்றுவதில் நடக்கும் தவறெல்லாம் இதன் பக்கத்தில் சில்லறை.

அப்புறம், லாரி வந்ததும் தொட்டியின் உள்நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்குங்கள். 12 × 7 × 3½ என்றால் 294 கன அடி, மூன்று யூனிட் என்று ஒப்புக்கொள்ளலாம். அதே தொட்டியில் மண் மூன்றடிதான் நிற்கிறது என்றால் 252. இரண்டரை யூனிட்டுக்குத்தான் பணம் கொடுங்கள். மேலே குவியலாகத் தெரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஓரங்களில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.