‘ஏலே’யில் காப்பா ஏறவில்லை

“பாளையங்கோட்டைப் பேச்சுப் பதிவுகளில் ‘ஏலே’ வரும் இடங்களை உரிமை, கண்டிப்பு என்று இரண்டு பேர் குறிக்கிறார்கள். மூன்று முறை பயிற்சி கொடுத்தும், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து இருவரின் ஒப்புதலை அளக்கும் கோஹன் காப்பா 0.2-லேயே நிற்கிறது. ஆளை மாற்றவா?”

வேண்டாம், வகைகளை மாற்றுங்கள். “ஏலே, சோறு தின்னுட்டுப் போலே” என்று அம்மா அதட்டினால் அது உரிமையும்தான், கண்டிப்பும்தான். உரிமை என்பது உறவு, கண்டிப்பு என்பது தொனி. இரண்டில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால், ஒருவர் உறவைப் பார்ப்பார், மற்றவர் தொனியைக் கேட்பார். குறிக்கும் அட்டவணையில் உறவுக்கு ஒரு பத்தி, தொனிக்கு ஒரு பத்தி எனப் பிரித்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு வாரம் கழித்து, அதே ஆளிடம் அதே 50 வாக்கியங்களை மறுபடி கொடுங்கள். தன் பழைய விடையோடு ஒத்துப்போனால், இருவரும் விதியை வெவ்வேறாகப் படிக்கிறார்கள். விதியைத் திருத்தினால் போதும். தன்னோடு தானே முரண்பட்டால், உரிமைக்கும் கண்டிப்புக்கும் நடுவே யாராலும் நிலையாகக் கோடு போட முடியாது.

பிரித்த அப்புறம் உறவுப் பத்தியில் பெரும்பாலும் ‘உரிமை’தான் வரும், நம்ம ஊர்ப் பேச்சு அப்படி. அங்கே காப்பா ஏமாற்றும். 100-ல் 90 இடத்தில் இருவரும் ‘உரிமை’ என்று, மீதி 10-ல் ஆளுக்கு 5 இடத்தில் ஒருவர் மட்டும் ‘அந்நியம்’ என்று போட்டால், ஒப்புதல் 90 சதவீதம். காப்பாவோ பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே, -0.05. அந்தப் பத்திக்குக் காப்பாவோடு எண்ணிக்கை அட்டவணையையும் சேர்த்துக் கொடுங்கள்.