"ஒண்ணும் வேண்டாம்" என்கிறாள், நம்பலாமா?

கேள்வி: என் தோழியின் கணவர் பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். "ஏதாவது வேணும்னா கேளு" என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். "ஒண்ணும் வேண்டாம், பரவாயில்லை" என்கிறாள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நிஜமாகவே வேண்டாமா, நான் கேட்கிற விதம் சரியில்லையா?

பதில்: கேட்கிற விதம்தான். அந்த ஒரு வரியில் அவர் தலையில் மூன்று வேலைகளை ஏற்றிவிட்டீர்கள். தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டும். அதில் எதை உங்களிடம் கேட்கலாம், எது அதிகப்படி என்று கணக்குப் போட வேண்டும். அப்புறம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பத்து நாளாகச் சரியாகத் தூங்காத ஆளுக்கு முதல் வேலையே முடியாது. இரண்டாவதில் பெரும்பாலும் கணக்கு தப்பும். ஃப்ளின், லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எத்தனை பேரிடம் கேட்டால் ஒருவர் உதவ ஒப்புக்கொள்வார் என்று ஊகிக்கச் சொன்னபோது, ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நடந்ததைவிட அதிகமான எண்ணைத்தான் சொன்னார்கள். அதாவது, மற்றவர்கள் மறுத்துவிடுவார்கள் என்றே நாம் முன்கூட்டி நினைத்துக்கொள்கிறோம். மூன்றாவது வேலைதான் கஷ்டம். வாய்திறந்து கேட்டால் கடன்பட்ட மாதிரி ஆகிவிடும். "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மூன்றுமே தீர்ந்தது.

நான் வேலை பார்த்த வார்டு வாசலில் ஒரு அம்மா, கையில் ஃபைல், தோளில் பை, நாடிக்கும் மார்புக்கும் இடையில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு வந்தார். "ஏதாவது உதவணுமா?" என்றேன். "இல்லைங்க" என்றார், தலையணை நழுவ நழுவ. "தலையணையை நான் வாங்கிக்கட்டுமா?" என்றேன். பதிலே வரவில்லை, நாடியைத் தூக்கினார். அவ்வளவுதான்.

உங்கள் தோழியிடமும் எந்த வேலை, எத்தனை மணிக்கு, எதுவரை என்ற மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "நாளைக்கு நாலு மணிக்கு உன் பையனை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போய், ஏழு மணி வரைக்கும் என் வீட்டுல வெச்சுக்கட்டுமா?" இதற்கு அவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும். உதவியின் அளவும் கண்ணுக்குத் தெரிகிறது. "வேண்டாம், அத்தை கூட்டிட்டு வர்றாங்க" என்று காரணத்தோடு வந்தால் அது நிஜமான வேண்டாம், விட்டுவிடுங்கள். "உனக்கு எதுக்கு சிரமம்?" என்று வந்தால் அது உங்களைப் பற்றிய கவலை. "எப்படியும் அந்த வழியாத்தான் வர்றேன்" என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும். அதற்கும் மறுத்தால் வேறு ஒரு வேலையைச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது முறை கேட்காதீர்கள், அது தொந்தரவு.

ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. இந்த உத்தியை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் திரியும் புரோக்கர்கள். அவர்கள் "ஏதாவது வேணுமா?" என்று கேட்கவே மாட்டார்கள். "அந்த இன்ஷூரன்ஸ் ஃபாரத்தை நான் நிரப்பித் தரட்டுமாக்கா?" என்பார்கள். களைத்த மனுஷி தலையாட்டுவார். பத்து நிமிஷத்தில் அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு எண், வெற்றுத் தாளில் கையெழுத்து எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். தோழியிடம் இதைச் சொல்லி வையுங்கள். நீங்களும் பணம், கையெழுத்து, பாஸ்வேர்டு பக்கம் போகாமல், தூக்குவது, கூட்டிவருவது, காத்திருப்பது என்ற அளவில் நில்லுங்கள். புரோக்கருக்கு இடம் கிடைப்பதே நிர்வாகத்தால்தான். அட்மிஷன் ஃபாரத்தில் "உதவி தேவையா: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம், அதில் எல்லோரும் "இல்லை" போடுகிறார்கள், யாருக்கும் உதவி தேவையில்லை என்று கணக்கும் எழுதியாகிறது. மாற்றச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொன்று, நாளை உங்கள் தோழியின் கணவர் சக்கர நாற்காலியில் வீடு திரும்பலாம். அப்போது "தள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சரி என்று வாயால் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கேட்டுக்கொண்டே கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவருக்கு அது தன் உடம்பைப் பிடித்து இழுப்பது மாதிரி. பிரேக் போட்டிருக்கிறாரா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது பின்னால் நிற்கும் உங்களுக்குத் தெரியாது. பார்வையில்லாதவர் விஷயமும் இதேதான். "ரோட்டைக் கடக்க என் முழங்கையைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். பிடிப்பது அவராக இருக்கட்டும். நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுத்தால் எப்போது படி வருகிறது, எப்போது நிற்க வேண்டும் என்று அவருக்குப் புரியாது. அரை அடி முன்னால் போகும் உங்கள் முழங்கை ஏறி இறங்குவதை வைத்து அவரே புரிந்துகொள்வார்.

தோழிக்கு இன்றைக்கே செய்தி அனுப்புங்கள், நாலு மணி விஷயத்தை.