நாக்கில் தங்கிய வசனங்கள்: கேள்வி பதில்

எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகள் ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவன் நான். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் பாட்டுத் தட்டுகளோடு கதை வசனத் தட்டுகளையும் கொண்டுபோவேன். எந்த வசனத்துக்குச் சமையல்காரர் கரண்டியை நிறுத்திக் கேட்டார், எந்த வசனத்தை மறுநாள் தேநீர்க்கடையில் சொன்னார்கள் என்பதையெல்லாம் அப்போதிருந்தே கவனித்து எழுதி வைத்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு அந்தப் பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: நான் ‘திருவிளையாடல்’ படத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தருமியின் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எப்படி?

உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அதைக் காதால் கேட்டு வளர்ந்திருப்பார். 1965இல் வந்த அந்தப் படத்தைத் திரையில் பார்த்த அளவுக்கு ஒலிபெருக்கியிலும் மக்கள் கேட்டார்கள். நெடுந்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம்தான் ஓடும். படமோ இரண்டரை மணி நேரம். ஆகவே, முகத்தைப் பார்க்காமலே விளங்கக்கூடிய காட்சிகளுக்குத்தான் தட்டில் மதிப்பு. தருமி மண்டபத்தில் புலம்புவதும், இறைவனிடம் கேள்வி கேட்பதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நடக்கும் காட்சிகள். ஊருக்கு ஊர் அவை திரும்பத் திரும்ப ஒலித்தன.

இன்னொரு காரணம் அந்தக் கேள்விகளின் கட்டுமானம். “சேர்ந்தே இருப்பது?” “வறுமையும் புலமையும்.” இதில் இரண்டு சொற்களை எடுத்துவிட்டு வேறு இரண்டைப் போடலாம், ‘உம்’ அப்படியே நிற்கும். “சேர்ந்தே இருப்பது? மாதக் கடைசியும் கைமாற்றும்” என்று எங்கள் கடைப் பையன் சொல்வான். அவனுக்கு நாகேஷின் குரலும் வராது, நடிப்பும் வராது. ஆனாலும் வசனம் அவனுடையதாகிவிட்டது.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்: “நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே” என்பதை ஏ.பி. நாகராஜன் தம் கற்பனையில் படைத்தார். தமிழ்ப் படங்களிலேயே நிலைத்த வசனம் அதுதான். சரிதானே?

நிலைத்தது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். கற்பனை என்பதில்தான் பாதி சரி. நக்கீரர் இறைவனோடு வாதிட்ட கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உண்டு. உடலெல்லாம் கண்ணானாலும் “மொழிந்த நும் பாடல் குற்றம்” என்று அங்கே நக்கீரர் சொல்கிறார். சண்டைக்குக் காரணமான “கொங்குதேர் வாழ்க்கை” பாட்டோ இன்னும் பழையது, குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு.

படம் செய்தது வேறு வேலை. புராணத்து வரியில் “நும் பாடல்” இருப்பதால் அது ஒரு பாட்டைப் பற்றிய தீர்ப்பாகவே நிற்கிறது. “குற்றம் குற்றமே” என்பதில் பாட்டு இல்லை, புலவன் இல்லை, மதுரை இல்லை. அதனால் மேலதிகாரியின் கணக்குப் பிழையைச் சுட்டும் எழுத்தர் சொல்லலாம், மாமனாரிடம் மருமகள் சொல்லலாம். நாகராஜனே நக்கீரராக நடித்து, அந்த ஏகாரத்தை ஊன்றிச் சொல்லிவிட்டார். பேச்சில் யாரும் “திறப்பினும்” என்று சொல்வதில்லை, இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அந்த வடிவம் இன்றும் பலர் வாயில் உயிரோடு இருக்கிறது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

தமிழாசிரியர், மதுரை: கட்டபொம்மன் வசனத்தைப் பேசாத பள்ளி மேடை இல்லை. அதை ஏன் முதலில் சொல்லவில்லை?

மனப்பாடமாக ஒப்பிப்பதும் பேச்சில் எடுத்தாள்வதும் வேறு வேறு என்று நினைக்கிறேன். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய அந்த வசனத்தைப் பேச ஒரு மாணவன் மீசை ஒட்டுகிறான், வாளைப் பிடிக்கிறான், மூச்சை இழுத்துக்கொள்கிறான். பேசி முடித்ததும் கட்டபொம்மன் போய்விடுகிறார். 1952இல் வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியும் அப்படித்தான். கலைஞரின் அந்த அடுக்குமொழி கேட்பவரைக் கட்டிப்போடும். ஆனால் அரிசிக் கடையில் அதை எங்கே நுழைப்பது?

இருந்தாலும் கட்டபொம்மனிலிருந்து ஒரு துண்டு மட்டும் நழுவி வீட்டுக்குள் வந்துவிட்டது. வேலைக்கு வராமல் பங்குக்கு மட்டும் வரும் உறவினரைப் பார்த்து, “நாற்று நட்டாயா, களை பறித்தாயா?” என்று கேட்கிறோமே, அதுதான். வெள்ளைக்காரனைக் கேட்ட கேள்வி, பங்காளியைக் கேட்கவும் பொருந்துகிறது.

கணினிப் பொறியாளர், சிங்கப்பூர்: என் ஒன்பது வயது மகன் எதற்கெடுத்தாலும் “நானும் ரவுடிதான்” என்கிறான். பள்ளியில் திட்டு வாங்குகிறான். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பிள்ளை வளர்ப்புக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் அந்த வசனத்தை எங்கே பிடித்தான் என்று கேட்டுப் பாருங்கள், 2015இல் வந்த ‘நானும் ரௌடிதான்’ படத்தின் பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்கு முன்பே, 2006இல் வந்த ‘தலைநகரம்’ படத்தில் நாய் சேகராக வரும் வடிவேலு, தன்னையும் ரவுடியாக மதிக்க வேண்டும் என்று போலீஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்து சொன்னது அது. வசனம் ஒரு படத்துக்குத் தலைப்பாகி, தலைப்பு உங்கள் மகனுக்கு வசனமாகிவிட்டது.

அதன் பலம் ‘உம்’மும் ‘தான்’உம். “என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்ற ஏக்கத்தை ‘நானும்’ சொல்கிறது, யாரும் நம்பவில்லையே என்ற பதற்றத்தை ‘தான்’ சொல்கிறது. நடுவில் எந்தச் சொல்லையும் வைக்கலாம். “நானும் கவிஞன்தான்” என்று யாராவது சொன்னால், சிரிப்பது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

உதவி இயக்குநர், சென்னை: முன்னோட்டத்துக்கென்றே நாயகனுக்கு அனல் பறக்கும் வசனங்கள் எழுதுகிறோம். படம் வந்த இரண்டு வாரத்தில் செத்துவிடுகின்றன. எங்கே தவறுகிறோம்?

அவற்றை நாயகனால் மட்டுமே சொல்ல முடிகிறது. “என்னை யாராலும் அசைக்க முடியாது” என்று சொல்ல வேண்டிய தருணம் பேருந்தில் போகிறவனுக்கு எத்தனை முறை வரும்? அவனுக்குத் தேவை, கடன் கேட்டவனிடம் நழுவவும், தோற்றதை ஒப்புக்கொள்ளவும், பெரியவர் தவறைச் சொல்லவும் சில சொற்கள். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியைப் பாருங்கள். இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்தவர் கேட்க, ஒன்றைத் தின்றுவிட்டவர் கையிலிருப்பதைக் காட்டி, “அந்த இன்னொண்ணுதான் இது” என்கிறார். மாட்டிக்கொண்டவன் சொல்லும் சமாளிப்பு அது. சமாளிப்பு எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

ஒரு வசனம் வேர் பிடித்ததா என்று அறிய எனக்கு ஒரு சோதனை உண்டு. முதலில் மக்கள் அதை நடிகரின் குரலில் சொல்வார்கள். பிறகு தம் சொந்தக் குரலில் சொல்வார்கள். அதன் பிறகு ஒரு சொல்லை மாற்றுவார்கள். மாற்றியும் புரிகிறது என்றால் அது ஊர்ச் சொத்து.

வாசகி, கோவை: உங்கள் சோதனை தவறு. ‘பாட்ஷா’வின் “நான் ஒரு தடவை சொன்னால்” வசனம் முழுக்க நாயகனுடையது. முப்பது ஆண்டுகளாக நிற்கிறதே? என் அப்பா விரலை உயர்த்தாமல் அதைச் சொன்னதே இல்லை.

நல்ல அடி. நானும் இதை யோசித்து முடிவுக்கு வரவில்லை. உங்கள் அப்பா விரலை உயர்த்துகிறார் என்றால் அவர் இன்னும் ரஜினிகாந்தாகத்தான் பேசுகிறார், அது முதல் படி என்று நான் சொல்லலாம். ஆனால் முதல் படியிலேயே முப்பது ஆண்டு நிற்கும் வசனத்தை எப்படிக் குறைவாக மதிப்பது? ‘ஒரு தடவை’, ‘நூறு தடவை’ என்ற கணக்கு எந்த அப்பாவுக்கும் எந்தக் கடைக்காரருக்கும் பயன்படுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ‘நூறு’க்குப் பதில் வேறு எண் போட்டுச் சொல்லியிருக்கிறார்களா? இருந்தால் எழுதுங்கள், என் நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.