மதம் மாறிய மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா? வழக்கறிஞர் பதில்கள்

அப்பா 2021இல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் சம்பாதித்த 30 சென்ட் நிலம். வாரிசுகள் அம்மா, நான், தங்கை. தங்கை 2012இல் கிறிஸ்தவரானாள். மதம் மாறியவருக்குப் பங்கில்லை என்று பத்திரம் எழுதுபவர் சொல்கிறார். சரிதானே சார்?

பாதிதான் சரி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு தடுப்பது மதம் மாறியவரை அல்ல, மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகளை. அதனால் தங்கைக்கு முழு உரிமை உண்டு. ஆளுக்கு 10 சென்ட். அவர் கையெழுத்து இல்லாமல் நீங்களும் அம்மாவும் மட்டும் பாகப்பிரிவினை செய்தால் அது அவரைக் கட்டுப்படுத்தாது.

நான் அந்தத் தங்கை. என் பையன் 2015இல் பிறந்தான். அவனுக்கு ஒன்றும் கிடைக்காதா?

உங்கள் வழியாகக் கிடைக்கும். அப்பா இறந்த அன்றே அந்த 10 சென்ட் உங்களுடையதாகிவிட்டது. உங்களுக்குப் பின், உயில் இல்லையென்றால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைக்கு. அப்பாவுக்கு முன்பே நீங்கள் இறந்திருந்தால்தான் சிக்கல். உங்கள் இடத்தில் நின்று பையன் தாத்தா சொத்தைக் கேட்க முடியாது.

இப்போது அந்தப் பையனை இந்துவாக மாற்றிவிட்டால் போதுமே?

தாத்தா இறந்த நாளில் அவன் இந்துவாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாறினால் பயனில்லை. இந்தக் குடும்பத்தில் அதற்குத் தேவையும் இல்லை.

என் கணவர் இஸ்லாத்துக்கு மாறி இன்னொரு பெண்ணை நிக்காஹ் செய்துவிட்டார். எங்கள் கல்யாணம் தானாக முறிந்துவிட்டதாம். நான் எங்கே போவேன்?

முறியவில்லை அம்மா. விவாகரத்து கேட்கும் உரிமை இப்போது உங்களுக்குத்தான், மாறியவருக்கு அந்தக் காரணம் கிடையாது. முதல் திருமணம் இருக்கும்போது இப்படி மாறிச் செய்யும் இரண்டாவது திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சர்ளா முத்கல் வழக்கில் சொன்னது, 2000இல் லில்லி தாமஸ் வழக்கில் உறுதி செய்தது. ஏழாண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றமல்ல இது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். பல வழக்குகள் தோற்பது சாட்சியில்லாமல்தான். சேர்ந்து வாழ்கிறார்கள் என்று காட்டினால் போதாது, நிக்காஹ் முறைப்படி நடந்ததை நிரூபிக்க வேண்டும். ஜமாத் பதிவேட்டு நகலையும் நேரில் பார்த்தவரையும் இப்போதே தேடுங்கள். ஜீவனாம்சம் தனியாகக் கேட்கலாம்.

நான் போன வருடம் கிறிஸ்தவத்துக்கு மாறினேன். கணவர் இல்லை. மகனுக்கு நாலு வயது. நான் காப்பாளர் இல்லை என்று மாமனார் பிள்ளையைக் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். காப்பாளர் உரிமை வேறு, குழந்தை யாரிடம் வளர்வது என்பது வேறு. இந்துவாக இல்லாதவர் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியாது என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மை. அதனால் மகன் பெயரில் உள்ள சொத்துக்காக இயற்கைக் காப்பாளர் என்று நீங்கள் போடும் கையெழுத்தை எதிர்ப்பார்கள். ஆனால் அந்த உரிமை தானாக மாமனாருக்குப் போய்விடாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி உங்களையே நியமிக்கக் கோரி மனுப் போடுங்கள். கோர்ட் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. அப்புறம், மதம் மாற்றத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பார்கள் என்பது வழக்குக்கு வழக்கு மாறும், அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.