இரவில் வரும் மூச்சு இழுப்புக்கு வேலை காரணமாகுமா?

"கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறேன். இழுப்பு வீட்டுக்கு வந்தபின் இரவில்தான் வருகிறது. அப்படியென்றால் வேலை காரணமில்லைதானே?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. பேக்கரிக்காரரை மாவுத்தூசு பெரும்பாலும் உடனே தும்ம வைத்துக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் பெயின்டில் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் பல மணி நேரம் கழித்தும் மூச்சுக்குழாயைச் சுருக்கும்.

லீவு நாட்களையும் சேர்த்து நான்கு வாரம், தினமும் நான்கு வேளை, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊதுகிறீர்கள் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதுங்கள். வேளைக்கு மூன்று தடவை ஊதி, அதிகமானதை எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, திங்கள் 480, வெள்ளி 390, ஞாயிறு 430, அடுத்த வெள்ளி 350. ஞாயிறன்று முழுசாக மீளவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் வார லீவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பத்து நாள் லீவில் 490க்கு ஏறினால் சந்தேகம் வலுக்கும். வேலை நாளில் மட்டும் இன்ஹேலரைக் கூட்டினால் இந்தச் சரிவு மறைந்துபோகும்; அளவையும் பக்கத்திலேயே குறித்து, தாளை நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள்.