ஜூலை ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

வணக்கம் ஐயா.

என் பிறந்த தேதி 01.07.1993. பொதுப்பிரிவு, பி.காம். படித்திருக்கிறேன். 2025 குரூப் 4 அறிவிப்பில் எங்களுக்கு உச்ச வயது 32 என்று இருந்தது. 33-வது பிறந்தநாள் வரும்வரை எழுதலாம் என்று கூடப் படிப்பவர்கள் சொன்னார்கள். 01.07.2025 அன்று எனக்குச் சரியாக 32தான். ஆனால் தகுதி இல்லை என்கிறார்கள். ஒரே ஒரு நாளில் வாய்ப்பு போய்விடுமா? அக்கா மகள் 20.06.2007-ல் பிறந்தவள். விண்ணப்பிக்கப் போனபோது 18 ஆகவில்லை என்று கணினி மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவாவது சரியா? இன்னொன்று, என் நண்பன் ஓபிசி. மத்திய அரசுத் தேர்வில் கிடைக்கும் 3 வருடச் சலுகையை வாங்கினால் பின்னால் ஏதாவது பாதிப்பு வருமா?

செ., விருத்தாசலம்

அன்புள்ள செ.,

உங்களுக்குச் சொன்னது சரி. அக்கா மகளுக்குச் சொன்னது தவறு. இரண்டுக்கும் காரணம், டிஎன்பிஎஸ்சி வயதைக் கணக்கிடும் நாளான ஜூலை 1தான்.

டிஎன்பிஎஸ்சி அறிவிப்பில் வயதுக்கான அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள். குறைந்தபட்ச வயதுக்கு 'பூர்த்தி அடைந்திருக்க வேண்டும்' என்பதும், அதிகபட்ச வயதுக்கு 'பூர்த்தி அடைந்திருக்கக் கூடாது' என்பதும்தான் நிபந்தனை. பலர் கீழே உள்ள 18, 32 என்ற எண்களை மட்டும் பார்த்துவிட்டு மேலே இருக்கும் வரியை விட்டுவிடுகிறார்கள். 32 பூர்த்தி அடைந்திருக்கக் கூடாது என்றால், 32-வது பிறந்தநாளைத் தொட்டிருக்கக் கூடாது. 31 வருடம், 11 மாதம், சில நாட்கள் வரைதான் அனுமதி. '33-வது பிறந்தநாள் வரை எழுதலாம்' என்று நினைப்பவர்கள் ஒரு முழு வருடத்தைத் தப்பாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். தேர்வர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

கணக்கிடும் நாளிலேயே உங்கள் பிறந்தநாள் வருகிறது. அன்று உங்களுக்கு 32 பூர்த்தி, ஆகவே வெளியே. அதே தேதியில் 2007-ல் பிறந்த ஒருவருக்கு அன்று 18 பூர்த்தி, ஆகவே உள்ளே. கணக்கிடும் நாளில் பிறந்தவர்களுக்குக் கீழ் வரம்பு சாதகமாகவும் மேல் வரம்பு பாதகமாகவும் அமைவது இதனால்தான்.

இதைத் தேதியாக மாற்றிக்கொண்டால் குழப்பமே வராது. கணக்கிடும் நாளிலிருந்து குறைந்தபட்ச வயதைக் கழித்தால், தகுதி பெறும் கடைசிப் பிறந்த தேதி கிடைக்கும். அதிகபட்ச வயதைக் கழித்து ஒரு நாள் கூட்டினால், தகுதி பெறும் முதல் பிறந்த தேதி கிடைக்கும். 2025 யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் கணக்கிடும் நாள் 01.08.2025, வயது 21 முதல் 32. அறிவிப்பிலேயே, 02.08.1993-க்கு முன்பும் 01.08.2004-க்குப் பின்பும் பிறந்திருக்கக் கூடாது என்று தேதி போட்டிருந்தார்கள். எஸ்எஸ்சியும் இப்படித்தான் தேதி கொடுக்கிறது. 2025 சிஜிஎல் தேர்வில் 18 முதல் 27 வயது வரையிலான பணிகளுக்கு 02.08.1998 முதல் 01.08.2007 வரை.

வங்கித் தேர்வில் இன்னொரு பொறி இருக்கிறது. ஐபிபிஎஸ் அறிவிப்பு 'பூர்த்தி' என்ற பேச்சையே எடுக்காது. குறைந்தது 20, அதிகம் 30 என்றுதான் போடும். படிப்பவர்கள் 30 வயதுக்காரரும் எழுதலாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 2024 பிஓ தேர்வுக்குப் பக்கத்திலேயே கொடுத்த தேதிகள் 02.08.1994 முதல் 01.08.2004 வரை. கணக்கிடும் நாள் 01.08.2024. அதாவது அங்கேயும் 30-வது பிறந்தநாளைத் தொட்டவருக்கு இடமில்லை. சொல் எப்படி இருந்தாலும் தேதி இருந்தால் தேதியை நம்புங்கள்.

ஒரு நாளில் போய்விடுமா என்று கேட்டீர்கள். ஒரு நாள் என்ன, நள்ளிரவு நேரக் கணக்கில் போன வழக்கே உண்டு. ராஜஸ்தானில் பிரபு தயாள் செஸ்மா என்பவரின் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் பிறந்தது 02.01.1956. அங்கே கணக்கிடும் நாள் 01.01.1984, அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது. நம் வழக்கப்படி பார்த்தால் அவருக்கு மறுநாள்தான் 28. ஆனால் நீதிமன்றம், பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ண வேண்டும் என்றது. அப்படி எண்ணினால் 28 வருடம் நிறைவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளின் முடிவில். அந்த முந்தைய நாள் ஜனவரி 1. ஆகவே அவர் வயது கடந்தவர் என்று முடிவானது.

இது வினோதமாகத் தெரியலாம். ஆனால் ஓய்வு பெறும் விதியிலும் இதே எண்ணும் முறைதான் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் தன் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே போய்விட வேண்டும். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு வயது முந்தைய நாளிலேயே நிறைந்துவிட்டது என்பதுதான் அதன் அடிப்படை.

செஸ்மா தீர்ப்பை அப்படியே பொருத்தினால் யுபிஎஸ்சியில் 02.08.1993-ல் பிறந்தவரும் வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் அறிவிப்பு அந்தத் தேதியைச் சேர்த்தே அச்சிட்டிருப்பதால் அவர் தகுதியானவர். தேதி அச்சிடாத அறிவிப்புகளில்தான் இந்தச் சிக்கல் எழும். அங்கே மறுநாள் பிறந்தவர்கள், உதாரணமாக ஜூலை 2-காரர்கள், கடைசித் தேதிக்கு முன்பே ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. எந்த முறையில் எண்ணினாலும் 01.07.2025 அன்று உங்களுக்கு 32 நிறைந்துவிட்டது.

இனி அக்கா மகள். 2025 குரூப் 4 அறிவிப்பு வந்தது ஏப்ரல் 25, விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24, தேர்வு ஜூலை 12. விண்ணப்பிக்கும் காலத்தில் அவளுக்கு 18 நிறையவில்லை. கணினி மையத்தில் அன்றைய தேதிக்கு வயது போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வெளியாகும் ஆண்டின் ஜூலை 1-ஐத்தான் பார்க்கிறது. அன்று அவளுக்கு 18 முடிந்து பதினோரு நாள். இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்குத் தாராளமாக விண்ணப்பித்திருக்கலாம். விஏஓவுக்கு மட்டும் 21 நிறைந்திருக்க வேண்டும் என்பதால் அதை விட்டிருப்பாள். 2024-ல் இது இன்னும் வேடிக்கையாக இருந்தது. குரூப் 4 தேர்வே ஜூன் 9-ல் நடந்துவிட்டது, வயது கணக்கிடும் நாளோ ஜூலை 1. தேர்வறையில் உட்கார்ந்த அன்று 18 நிறையாத ஒருவர் முறைப்படி தகுதியுள்ளவராக இருக்க முடிந்தது.

மத்தியத் தேர்வுகளில் ஜூலை 1 கிடையாது. யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி நடத்தும் போட்டித் தேர்வுகளுக்கு 1988-ல் வந்த வழிகாட்டுதல்படி, தேர்வு ஆண்டின் முதல் பாதியில் என்றால் ஜனவரி 1, இரண்டாம் பாதியில் என்றால் ஆகஸ்ட் 1. ஆனாலும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வு கோடையில் நடந்தாலும் அதற்கு ஆகஸ்ட் 1தான் போடுகிறார்கள். எனவே பொது விதியை மனப்பாடம் செய்துகொண்டு தேதியை ஊகிக்க வேண்டாம்; ஒவ்வொரு அறிவிப்பிலும் பாருங்கள்.

இங்கே அவளுக்கு ஒரு எச்சரிக்கை. வயதுக்கு ஒரு நாள், படிப்புக்கு வேறு நாள். டிஎன்பிஎஸ்சியில் கல்வித் தகுதி அறிவிப்பு வெளியான நாளிலேயே கையில் இருக்க வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும் என்பதால் அவளுக்கு இப்போது தொல்லையில்லை. நாளை டிகிரி கேட்கும் குரூப் 2-க்குப் போகும்போது, 'வயதுக்கு ஜூலை 1 என்றால் படிப்புக்கும் ஜூலை 1-தானே' என்று எண்ணி, மே மாதம் முடிவு வரும் நம்பிக்கையில் ஏப்ரல் அறிவிப்புக்கு விண்ணப்பித்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வாள்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மத்தியத் தேர்வுகளில் ஓபிசிக்கு 3 ஆண்டு, எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டு கூடுதல். ஓபிசி சலுகைக்கு மத்தியப் பட்டியலில் சாதி இருக்க வேண்டும். கிரீமி லேயரில் வரக் கூடாது. சான்றிதழும் மத்திய அரசுப் படிவத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் பிசி சான்றிதழை நீட்டினால் போதாது. இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது. மத்திய அரசின் 1998-ம் ஆண்டு உத்தரவுப்படி, வயது போன்ற தளர்வு ஒன்றைப் பயன்படுத்தித் தகுதி பெற்றவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் பொதுப்பிரிவு இடத்தில் வைக்கப்பட மாட்டார். தன் ஒதுக்கீட்டு இடத்துக்குள்தான் போட்டி. 2017-ல் தீபா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றமும், விதியில் இப்படித் தடை இருக்கும்போது பொது இடம் கேட்க முடியாது என்றது. ஆனால் நண்பருக்குப் பொது வரம்பே தாண்டிவிட்டது என்றால், சலுகை இல்லாமல் அவர் எழுதவே முடியாது. அப்போது யோசிக்க ஒன்றுமில்லை. பொது வரம்புக்குள் இருந்தால் அவர் வயதுத் தளர்வைப் பயன்படுத்தியவர் ஆகமாட்டார். ஓபிசி என்று குறிப்பிடுவதால் மட்டும் இந்தத் தடை வராது.

உங்களுக்கு இன்னும் ஒரு கதவு இருக்கிறது. மாநிலப் பணிகளில் பொதுப்பிரிவுக்கு 30 ஆக இருந்த வரம்பை, கொரோனாவால் தேர்வுகள் தள்ளிப்போனதைக் காட்டி, 2021 செப்டம்பரில் 2 ஆண்டு உயர்த்தினார்கள். குரூப் 1-ல் அது முன்பே 32 ஆக இருந்ததால், அதன்பிறகு அங்கே பொதுப்பிரிவுக்கு 34. உங்களிடம் பட்டம் இருக்கிறது. 01.07.2026 அன்று உங்களுக்கு 33தான் நிறைகிறது. 34 நிறைவது 01.07.2027-ல். வரம்பு மாறாதவரை, 2026-ல் வெளியாகும் குரூப் 1 அறிவிப்புதான் உங்களுக்குக் கடைசி. அறிவிப்பு வரும் ஆண்டுதான் கணக்கு என்பதால், அந்தத் தேர்வின் முதன்மைத் தேர்வோ நேர்காணலோ 2027-க்குத் தள்ளிப்போனாலும் உங்கள் தகுதி போகாது.