4.9 வந்தால் நான்கு இலத்திரனா?

“சேர், வந்தாறுமூலையில் இரசாயனவியல் படிக்கிறேன். கோபாற்று(II) அமோனியம் சல்பேற்றின் காந்தத் திருப்புதிறன் எங்கள் செய்முறையில் 4.9 போர் மக்னெற்றன் என்று வந்தது. சூத்திரத்தில் போட்டால் 4 தனி இலத்திரன். கூட்டாளிகள் 3 என்கிறார்கள். ஆய்வுகூடம் சரியான வெக்கை, அதனால் பிழைத்துவிட்டதா?”

கூட்டாளிகள் சொல்வதுதான் சரி, 3. ஆனால் உங்கள் அளவீட்டிலும் பிழை இல்லை.

நீங்கள் போட்ட சூத்திரம் இது:

μ = √(n(n+2))

இதைத் திருப்பினால் n = √(1+μ²) − 1. 4.9 ஐப் போட்டால் 4.00 வரும். முழு எண்ணாக வந்ததும் நம்பிவிடத் தோன்றும். அதற்கு முன் உலோக அயனைப் பாருங்கள். கோபாற்று(II) இல் d இலத்திரன்கள் 7. ஏழு இலத்திரனை எப்படி அடுக்கினாலும் தனித்து நிற்பவை ஒற்றை எண்ணிக்கையிலேயே இருக்கும். எண்முகி அமைப்பில் அது 3 அல்லது 1. 1 என்றால் சூத்திரம் 1.73 தரும், 3 என்றால் 3.87 தரும். 4.9 இல் இருந்து 1.73 வெகு தூரம். எனவே 3.

அப்படியானால் மேலதிகமாக உள்ள 1 எங்கிருந்து வந்தது? இந்தச் சூத்திரம் இலத்திரனின் கறங்கலை மட்டுமே கணக்கெடுக்கிறது. கருவைச் சுற்றும் இயக்கத்தாலும் காந்தம் உண்டாகும். பெரும்பாலான சிக்கல்களில் இணையிகளின் புலம் அதை அடக்கிவிடும். இங்கே t2g மட்டத்தின் மூன்று ஒபிற்றல்களில் 5 இலத்திரன்கள் இருக்கின்றன, ஒரு வெற்றிடம் மிஞ்சுகிறது. அந்த வெற்றிடம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடிவதால் சுற்றியக்கம் முழுதாக அடங்குவதில்லை. அதனால்தான் எண்முகி கோபாற்று(II) சேர்வைகள் வழமையாக 4.7 முதல் 5.2 வரை காட்டும். மங்கனீசு(II) இல் ஐந்து ஒபிற்றலிலும் ஒவ்வொன்று இருப்பதால் மாற இடமே இல்லை. அங்கே 5.92 என்று கணித்தால் அளவீடும் ஏறக்குறைய அதையே தரும்.

வெக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். μ = 2.828√(χT) என்பதில் 303 K க்குப் பதில் 298 K போட்டிருந்தாலும் விடை 4.9 இல் இருந்து 4.86 ஆகத்தான் இறங்கும். மட்டக்களப்பில் வெக்கையை விட ஈரப்பதன்தான் எனக்குப் பெரிய கவலை. ஈரம் ஏறிய தூளை நிறுத்தால் நிறையில் ஒரு பங்கு வெறும் நீராகிவிடும், χ குறைவாக வரும், திருப்புதிறனும் இறங்கும். எதிர்க்காந்தத் திருத்தத்தை விட்டாலும் சற்று இறங்கும்.

ஆகவே இந்த உப்புக்கு உங்களுக்கு 3.9 வந்திருந்தால், சூத்திரத்தோடு அச்சொட்டாகப் பொருந்தினாலும், நான் மாதிரியை உலர்த்தி மறுபடி அளக்கச் சொல்லியிருப்பேன். அறிக்கையில் 4.9 ஐ அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் 3.87 ஐயும், வித்தியாசத்துக்கு t2g வெற்றிடமே காரணம் என்பதையும் குறிப்பிடுங்கள்.